மிக்சி ஜார் மூடி லாக் ஆகவில்லையா? சுவிட்சைக் குறை சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

மூடியைத் திருப்பினால் "டக்" என்று விழ வேண்டிய லாக் விழாது. கையால் அழுத்திப் பிடித்தால் மிக்சி ஓடும், கையை எடுத்தால் நின்றுவிடும். இந்த நிலையில் வரும் மிக்சிகளைப் பார்க்கும்போதெல்லாம் அதை வைத்திருப்பவர் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருப்பார்: "சுவிட்ச் போச்சு." பெரும்பாலும் சுவிட்ச் போயிருக்காது. மூடிக்கும் சுவிட்சுக்கும் இடையில் எங்கோ ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தொலைந்திருக்கும். அது எங்கே தொலைந்தது என்று கண்டுபிடிப்பதுதான் இங்கே வேலை.

இந்த வழிகாட்டி மூடி சரியாகப் பூட்டினால்தான் ஓடும் வகை மிக்சிக்கானது. அதாவது, மூடியின் விளிம்பில் ஒரு நாக்கு இருக்கும். அது ஜார் கைப்பிடியின் மேலே உள்ள காடிக்குள் நுழைந்து, கைப்பிடிக்குள் நிற்கும் ஒரு தண்டைக் கீழே தள்ளும். தண்டின் கீழ்முனை மோட்டார் இருக்கும் அடிப்பகுதியின் பொத்தானை அழுத்தும். பொத்தானுக்கு அடியில் மைக்ரோ சுவிட்ச். உங்கள் மிக்சியின் அடிப்பகுதியில் ஜாரின் பிளேடைச் சுழற்றும் கப்ளரும் ஜார் உட்காரும் பள்ளங்களும் தவிர அழுந்தக்கூடிய பொத்தான் எதுவுமே இல்லை என்றால், அதில் இந்தச் சுவிட்ச் இல்லை. அப்படிப்பட்ட மிக்சியில் மூடி தளர்ந்தால் தடுக்க எதுவும் கிடையாது. அதனால் 4, 5, 8, 9 ஆகிய பகுதிகள் உங்களுக்கு இன்னும் முக்கியம்.

கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ள வேண்டியவை: ஒரு டார்ச், பழைய டூத்பிரஷ், இரண்டு மூன்று பல்குத்தும் குச்சி, ஒரு ஸ்கேல், வெள்ளை டிஷ்யூ பேப்பர், முனை மழுங்கிய ஒரு மரக்குச்சி. ஸ்க்ரூடிரைவர் வேண்டியதில்லை. முதலிலேயே அதை எடுத்தால் கழற்றத் தேவையில்லாததைக் கழற்றத் தோன்றும்.

1. குமிழை 0-வில் வைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள்

சுவரில் உள்ள சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே எடுத்து, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வையுங்கள். காரணம், நாம் சோதிக்கப்போவது பாதுகாப்புச் சுவிட்சை. அது ஏற்கெனவே ஓடும் நிலையில் சிக்கிக்கொண்டிருந்தால், ஜாரை எடுத்த பிறகும் கப்ளர் சுழலும். பொத்தானை அழுத்திப் பார்க்கும்போது விரல் கப்ளருக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

குமிழை 0-வுக்குக் கொண்டுவருவதை நிறையப் பேர் மறக்கிறார்கள். மிக்சி ஓடவில்லை என்றதும் குமிழை 2, 3 என்று திருப்பிப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். அப்புறம் பழுது சரியாகி, பிளக்கைச் சொருகிய நொடியில் முழு வேகத்தில் ஓடும்.

ஜாரில் ஏதாவது இருந்தால் காலி செய்து, கழுவி, துடைத்துவிடுங்கள். பிளேடு உள்ளேயேதான் இருக்கிறது. துடைக்கும்போது துணியைக் கையோடு உள்ளே விடாமல், நீளமான பிரஷ்ஷைப் பயன்படுத்துங்கள்.

2. ஓடாததற்குக் காரணம் லாக்தானா?

மிக்சி ஓடாமல் நிற்க இரண்டு வெவ்வேறு பாதுகாப்புகள் காரணமாகலாம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் தேவையில்லாமல் நேரம் போகும்.

ஒன்று, நாம் பேசிக்கொண்டிருக்கும் மூடி லாக் சுவிட்ச். இன்னொன்று ஓவர்லோட் பொத்தான். பெரும்பாலும் சிவப்பாக, மிக்சியின் அடியில் இருக்கும். மோட்டார் அளவுக்கு மேல் சிரமப்பட்டால் அது வெளியே துருத்திக்கொண்டு மின்சாரத்தைத் துண்டித்துவிடும். மிக்சி நன்றாக ஓடிக்கொண்டிருந்து, கனமாக எதையோ அரைக்கும்போது திடீரென்று நின்றது என்றால் சந்தேகம் இதன் மேல்தான். சில நிமிடம் ஆறவிட்டு அந்தப் பொத்தானை உள்ளே அழுத்தினால் சரியாகிவிடும். ஆறுவதற்கு முன் அழுத்தினால் நிற்காது, மறுபடி துருத்தும்.

மாறாக, மூடியை அழுத்தினால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது என்றால் அது லாக் சம்பந்தப்பட்டதுதான். அதோடு இன்னொரு நல்ல செய்தியும் அதில் இருக்கிறது: மோட்டார், குமிழ், சுவிட்ச் மூன்றும் வேலை செய்கின்றன. தண்டு முழுத் தூரம் இறங்கினால் ஓடுகிறது, அவ்வளவுதான். உங்கள் கை கொடுக்கும் அந்தக் கூடுதல் அழுத்தத்தை மூடி ஏன் தானாகக் கொடுக்கவில்லை என்பதே கேள்வி.

3. தண்டின் கீழ்முனையை அளந்து பாருங்கள்

முழு வேலையிலும் அதிகம் பயன்படும் சோதனை இது. இதைச் செய்யாமல் மூடியின் ரப்பர் வளையமான கேஸ்கெட்டை வாங்கவோ கடைக்குத் தூக்கிக்கொண்டு போகவோ வேண்டாம்.

ஜாரை அடிப்பகுதியிலிருந்து எடுத்து மேசையில் படுக்க வையுங்கள். மூடி இல்லாத நிலையில், கைப்பிடியின் மேலே உள்ள காடிக்குள் மழுங்கிய குச்சியை விட்டுத் தண்டை முழுவதுமாக அழுத்துங்கள். ஜாரின் அடியில் தண்டின் முனை வெளியே நீட்டும். அது எவ்வளவு நீட்டுகிறது என்று ஸ்கேலை வைத்துப் பாருங்கள். குச்சியை எடுத்ததும் ஸ்பிரிங் அதைச் சட்டென்று உள்ளே இழுக்க வேண்டும்.

அடுத்து, மூடியைப் போட்டு, போகிற வரைக்கும் திருப்பிப் பூட்டுங்கள். இப்போது கீழ்முனை எவ்வளவு நீட்டுகிறது என்று பாருங்கள்.

இரண்டு அளவையும் ஒப்பிட்டால் பழுது எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். குச்சியால் நன்றாக நீட்டி, மூடியால் குறைவாக நீட்டினால் பழுது மூடியிலோ கேஸ்கெட்டிலோ இருக்கிறது. 4, 5-க்குப் போங்கள். இரண்டிலுமே தயங்கினால், அல்லது திரும்பி உள்ளே போக மறுத்தால், தண்டு சிக்கியிருக்கிறது. 6-ஐப் பாருங்கள். இரண்டிலும் முழுதாக நீட்டியும் மிக்சி ஓடவில்லை என்றால்தான் அடிப்பகுதியைச் சந்தேகிக்க வேண்டும். அது 7.

பக்கத்து வீட்டு அக்கா கொண்டுவந்த மிக்சியையே எடுத்துக்கொள்கிறேன். குச்சியால் அழுத்தியபோது முனை 6 மில்லிமீட்டர் நீட்டியது. மூடியால் பூட்டியபோது 4. "ஒரு மாசமா அழுத்திப் பிடிச்சுத்தான்பா அரைக்கிறேன்" என்றார். அந்த 2 மில்லிமீட்டரைத்தான் அவர் கை ஒரு மாதமாக ஈடுகட்டிக்கொண்டிருந்தது.

4. கேஸ்கெட்டை எடுத்துப் பாருங்கள்

மூடிப் பக்கம் பழுது என்று தெரிந்ததும் முதலில் பார்க்க வேண்டியது ரப்பர் வளையம். மூடி கீழே இறங்க வேண்டிய தூரத்தைத் தடுப்பது பெரும்பாலும் அதுதான். விலையும் குறைவு, மாற்றுவதும் சுலபம்.

பல்குத்தும் குச்சியால் வளையத்தை நெம்பி எடுங்கள். கத்தி முனை வேண்டாம். அது ரப்பரைக் கிழிக்கும், மூடியின் பள்ளத்திலும் கீறல் போடும். எடுத்ததும் பள்ளத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். அரைத்ததன் மிச்சம் அங்கே காய்ந்து கல்லாகிக் கிடக்கும். வெந்நீர் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிட்டு டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் வந்துவிடும். இந்தப் படிவு மட்டுமே வளையத்தை ஒரு மில்லிமீட்டர் தூக்கிவிட முடியும்.

அடுத்து, வளையம் உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். கழுவித் துடைத்த வளையத்தை இழுக்காமல் அதே பள்ளத்தில் பதியுங்கள். சரியான வளையம் சுற்றிவந்து அப்படியே உட்காரும். உப்பிய வளையம் பள்ளத்தைவிட நீளமாகிவிட்டிருக்கும். கடைசியில் ஒரு இடத்தில் புடைத்துக்கொண்டு நிற்கும். ரப்பர் எண்ணெயைக் குடித்து இப்படி ஆகிறது. கொதிக்க வைத்தாலும் வெயிலில் காயவைத்தாலும் பழைய அளவுக்கு வராது. மாற்றத்தான் வேண்டும்.

லாக் இறுக்கமாக இருக்கிறது என்று விளிம்பில் எண்ணெய் தடவும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அந்த நாளைக்கு மூடி வழுக்கிக்கொண்டு பூட்டும். ஆனால் தடவத் தடவ வளையம் இன்னும் உப்பும், அடுத்த மாதம் இன்னும் இறுக்கமாகும். வழவழப்பு வேண்டுமென்றால் தண்ணீரில் நனைத்தாலே போதும்.

மூன்றாவது, வளையத்தைத் திருப்பிப் போட்டிருப்பது. சில வளையங்கள் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்காது. ஒரு பக்கம் தட்டையாக, மறுபக்கம் மெல்லிய உதடு போல நீட்டிக்கொண்டிருக்கும். தட்டைப் பக்கம் மூடியின் பள்ளத்தில் உட்கார வேண்டும், உதடு ஜாரைப் பார்க்க வேண்டும். கழுவிவிட்டு அவசரத்தில் தலைகீழாகப் போட்டால், வளையம் பள்ளத்துக்குள் முழுதாக இறங்காமல் மூடியைத் தூக்கிப் பிடிக்கும். அக்கா வீட்டு மிக்சியில் நடந்தது இதுதான். திருப்பிப் போட்டதும் மூடி லேசாகச் சுழன்று பூட்டியது. முனையும் 6 மில்லிமீட்டர் நீட்டியது.

புது வளையம் வாங்கும்போது சுற்றளவை மட்டும் பார்க்காமல் தடிமனையும் ஒப்பிடுங்கள். "எல்லாத்துக்கும் பொருந்தும்" என்று விற்பவை கொஞ்சம் தடிமனாக இருந்துவிட்டால், புதிதாக வாங்கியும் அதே பழுதுதான் இருக்கும். பழைய வளையத்தைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

5. மூடியின் நாக்கும் ஜாரின் காடியும்

கேஸ்கெட் சரியாக இருந்தும் மூடி போதுமான அளவு தண்டைத் தள்ளவில்லை என்றால், நாக்கைப் பாருங்கள். தண்டைத் தொடும் அதன் அடிப்பக்கம் தினமும் உரசுவதால் தேய்கிறது. புதிதில் கூர்மையாக இருந்த விளிம்பு உருண்டு, பளபளவென்று ஆகியிருக்கும். மூடி கீழே விழுந்து நாக்கின் ஒரு மூலை உடைந்திருப்பதும் உண்டு. கொஞ்சம்தானே உடைந்திருக்கிறது என்று தோன்றும். ஆனால் அந்தக் கொஞ்சம்தான் சுவிட்சைத் தொடும் தூரம்.

தேய்ந்த நாக்கின் மேல் டேப் ஒட்டி உயர்த்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். அழுத்தத்தில் டேப் நகரும், உரிந்து காடிக்குள் சுருண்டு தண்டை அழுத்திய நிலையிலேயே சிக்கவைக்கும். பிறகு மூடியை எடுத்தாலும் மிக்சி ஓடும். மூடி மட்டும் தனியாகக் கிடைத்தால் அதை மாற்றுங்கள்.

மூடி வளைந்திருக்கிறதா என்று பார்க்க, வளையத்தை எடுத்துவிட்டுக் கண்ணாடி மேசை போன்ற சமதளத்தில் விளிம்பு படும்படி வைத்து நாலு பக்கமும் விரலால் தட்டுங்கள். ஆடினால் வளைந்திருக்கிறது. கொதிநீரில் போட்டுக் கழுவுவதும் அடுப்புப் பக்கத்தில் காயவைப்பதும் வழக்கமான காரணங்கள். சூடுகாட்டி நிமிர்த்த முயன்றால் வேறொரு பக்கம் வளையும்.

ஜாரின் காடியையும் ஒருமுறை குச்சியால் துழாவிவிடுங்கள். நாக்கு முழுதாக உள்ளே போகாதபடி அங்கேயும் மிச்சம் அடைந்திருக்கலாம்.

6. தண்டு சிக்கியிருந்தால்

ஈரமாக எதையாவது அரைத்து வழிந்தால், அது கைப்பிடியின் காடி வழியாக உள்ளே இறங்கும். காய்ந்ததும் பசை மாதிரி தண்டைப் பிடித்துக்கொள்ளும். ஸ்பிரிங்குக்கு அதை மேலே தள்ளும் பலம் இருக்காது.

ஜாரைக் கைப்பிடி முழுகும்படி வெதுவெதுப்பான தண்ணீரில், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, அரை மணி நேரம் ஊறவையுங்கள். நடுவில் சில முறை குச்சியால் தண்டை அழுத்தி விடுங்கள். நகர நகர உள்ளிருக்கும் அழுக்கு வெளியே வரும். பிறகு நல்ல தண்ணீரில் அலசி, காடி கீழே பார்க்கும்படி கவிழ்த்து ஒரு இரவு முழுக்கக் காயவிடுங்கள். ஈரத்தோடு அடிப்பகுதியில் பொருத்தினால் அந்தத் தண்ணீர் நேராகப் பொத்தான் வழியே சுவிட்சுக்குப் போகும்.

இங்கே ஒரு விஷயம் முக்கியம். தண்டு மேல்நிலையில் சிக்கினால் மிக்சி ஓடாது, தொந்தரவுதான், ஆபத்தில்லை. கீழ்நிலையில் சிக்கினால் மூடி இல்லாமலே ஓடும். எந்தப் புகாரும் வராது, யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். அதனால் குச்சியை எடுத்ததும் தண்டு துள்ளித் திரும்புகிறதா என்பதை, நீட்டும் அளவைவிடக் கவனமாகப் பாருங்கள்.

7. அடிப்பகுதியின் பொத்தான்

பிளக் இன்னும் வெளியேதான் இருக்கிறது என்று உறுதிசெய்துகொண்டு, பொத்தானைக் குச்சியால் மெதுவாக அழுத்துங்கள். நல்ல சுவிட்ச் "கிளிக்" என்று ஒரு சின்ன சத்தம் தரும், விட்டதும் இன்னொரு கிளிக். சத்தமே இல்லை, அல்லது பொத்தான் கீழேயே நின்றுவிடுகிறது என்றால் அழுக்கோ பழுதான சுவிட்சோ காரணம். ஈரத் துணியை நன்றாகப் பிழிந்து பொத்தானைச் சுற்றித் துடைக்கலாம், பல்குத்தும் குச்சியால் ஓரத்தைச் சுரண்டலாம். தண்ணீர் ஊற்றவோ ஸ்பிரே அடிக்கவோ கூடாது. அடியில் இருப்பது மின்சாரம் செல்லும் பாகம்.

அதற்கு மேல் அடிப்பகுதியைத் திறக்கும் வேலை பழுதுபார்ப்பவருடையது. அவர் மல்டிமீட்டரை வைத்து, பொத்தான் அழுந்தாதபோது சுவிட்ச் துண்டிக்கிறதா, அழுந்தும்போது இணைக்கிறதா என்று பார்ப்பார். அவரிடம் ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: சுவிட்சை மாற்றுங்கள், டைரக்ட் பண்ண வேண்டாம். டைரக்ட் என்றால் சுவிட்சைக் கழற்றிவிட்டு அதன் இரண்டு ஒயர்களையும் நேராக முறுக்கி இணைப்பது. வேலை சீக்கிரம் முடியும், மிக்சியும் ஓடும் என்பதால் கேட்காமலே செய்து தருபவர்கள் இருக்கிறார்கள்.

டைரக்ட் செய்வதும், பொத்தானை டேப் ஒட்டி அழுத்தி வைப்பதும், தண்டின் மேல் தீக்குச்சியைச் செருகுவதும் ஒன்றுதான். என்ன இழக்கிறோம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மிக்சி மோட்டார் அதிக வேகத்தில், சுமை இல்லாதபோது, நிமிடத்துக்குச் சுமார் 18,000 சுற்று சுற்றும். நொடிக்கு 300. பிளேடின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 8 சென்டிமீட்டர் என்றால், ஒரு சுற்றில் அதன் முனை கால் மீட்டர் பயணம் செய்கிறது. நொடிக்கு 75 மீட்டர், அதாவது மணிக்கு 270 கிலோமீட்டர். அரைக்கும் பொருள் உள்ளே இருக்கும்போது வேகம் குறையும். ஆனால் மூடி திறந்த ஜாரில் ஓரத்தில் ஒட்டியதை வழிக்க ஸ்பூனை விடும் நேரத்தில் உள்ளே பெரும்பாலும் சுமை இருப்பதில்லை.

விபத்துக்கு அலட்சியம்கூடத் தேவையில்லை. அரைத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகிறது. குமிழ் 2-லேயே நிற்கிறது. மூடியைத் திறந்து கையால் கிளறுகிறீர்கள். கரண்ட் வருகிறது. சுவிட்ச் இருந்தால் ஒன்றும் நடக்காது.

சுவிட்சின் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். அது மின்சாரத்தைத் துண்டிக்கும், அவ்வளவுதான். பிரேக் போடாது. துண்டித்த பிறகும் பிளேடு சில நொடிகள் சுழன்றுகொண்டிருக்கும். ஆகவே மூடியைத் திருகி மிக்சியை நிறுத்தும் பழக்கம் கூடாது. குமிழால் நிறுத்தி, சத்தம் முழுக்க ஓய்ந்த பிறகே திறக்க வேண்டும்.

8. ஜாரில் விரிசல் தேடுங்கள்

லாக் சரியாகிவிட்டது என்று இங்கேயே நிறுத்திவிடாதீர்கள். சரியாகப் பூட்டாத மூடியை நாள்கணக்கில் அழுத்தித் திருகியிருந்தால், அந்த விசை முழுவதையும் தாங்கியது கைப்பிடிப் பக்கத்துக் காடி. விரிசல் முதலில் அங்கேதான் வரும். அக்காவின் ஜாரிலும் காடியின் ஒரு மூலையிலிருந்து கீழ்நோக்கி நகத்தளவு நீளத்தில் ஒரு கோடு இருந்தது.

அது கீறலா விரிசலா என்று பிரித்தறிய, ஜாரைத் துடைத்து, உள்ளிருந்து டார்ச் அடித்து, ஜாரை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். கீறல் எந்தக் கோணத்திலும் மங்கலான கோடாகவே இருக்கும். விரிசல் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வெள்ளித் தகடு போல மின்னும், ஏனென்றால் உள்ளே இரண்டு பரப்புகள் பிரிந்து நிற்கின்றன. காடி, அடியில் ஜாரைப் பூட்டும் காதுகள், பிளேடு பொருந்திய நடுப்பகுதி, கைப்பிடி திருகுகள் ஆகிய நாலு இடங்களையும் பாருங்கள். ஸ்டீல் ஜார் என்றால், எஃகு உடலில் வருவதைவிட அடியில் உள்ள பிளாஸ்டிக் வளையத்திலும் கைப்பிடி பற்றவைத்த இடத்திலும்தான் விரிசல் வரும்.

ஒழுகுவதை வைத்தும் சோதிக்கலாம். ஜாரில் பாதி தண்ணீர் ஊற்றி, வெளியே நன்றாகத் துடைத்து, வெள்ளை டிஷ்யூ மேல் கால் மணி நேரம் வையுங்கள். சரியாக நடுவில், கப்ளருக்கு அடியில் மட்டும் ஈரம் இருந்தால் அது பிளேடு புஷ்ஷின் சீல் தேய்ந்த ஒழுகல். அதைத் தனியாக மாற்றலாம். ஓரத்தில் ஈரம் இருந்தால் விரிசல். எதுவாக இருந்தாலும் சரிசெய்யும் வரை அந்த ஜாரைப் போட்டு ஓட்டாதீர்கள், ஒழுகும் தண்ணீர் இறங்குவது மோட்டாருக்குள்.

தெளிவான பிளாஸ்டிக் ஜார்களில் பல பாலிகார்பனேட்டால் ஆனவை. தட்டினால் சுலபத்தில் உடையாத பிளாஸ்டிக் அது. ஆனால் இழுவிசையில் இருக்கும் இடத்தில் சில ரசாயனங்கள் பட்டால் தானாகவே விரிசல் விடும். காரம் அதிகமுள்ள டிஷ்வாஷர் பவுடர், கிராம்பு, எலுமிச்சைத் தோல் போன்றவற்றின் வாசனை எண்ணெய், அசிட்டோன் எல்லாம் பிளாஸ்டிக்கைப் பதம் பார்ப்பவை. திருகுகளையும் காடியையும் சுற்றி மெல்லிய நரம்புகள் போல வலைப்பின்னல் தெரிந்தால், முழு விரிசல் வருவதற்கு முந்தைய நிலை அது.

9. ஒட்டுவதற்குப் பதிலாக மாற்றுங்கள்

சூப்பர் க்ளூவால் ஒட்டினால் என்ன? முதலாவது, பசை இறுகும் முன்பே விரிசலின் முனையில் பிளாஸ்டிக்கை மேலும் வெடிக்கவைக்கலாம். இரண்டாவது, அந்தப் பசை உணவில் படுவதற்கென்று செய்யப்பட்டதல்ல. மூன்றாவதுதான் பெரியது: நொடிக்கு நூற்றுக்கணக்கான அதிர்வுகளில் ஒட்டு விட்டுப்போய், தெளிவான பிளாஸ்டிக் சில்லு அரைத்ததில் கலந்தால் கண்ணுக்குத் தெரியாது. அடியில் உள்ள காது உடைந்தால் ஓடும்போதே ஜார் அடிப்பகுதியிலிருந்து எழும்பும்.

"சின்ன விரிசல்தானே, பெருசானா மாத்திக்கலாம்" என்பதும் பலிக்காது. விரிசல் ஒரே சீராக வளர்வதில்லை. பல நாள் அப்படியே இருந்துவிட்டு ஒருநாள் சூடான திரவத்தை ஊற்றும்போது ஜார் முழுக்க ஓடிவிடும்.

மாற்று ஜார் வாங்க, அடிப்பகுதிக்குக் கீழே ஒட்டியிருக்கும் பட்டையில் உள்ள மாடல் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் பழைய ஜாரையும் எடுத்துப்போய் இரண்டையும் கவிழ்த்து வைத்து ஒப்பிடுங்கள். காதுகளின் எண்ணிக்கையும் இடமும், கப்ளரின் பற்கள், தண்டின் முனை வெளிவரும் இடம் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். புதியவர்கள் அதிகம் சறுக்குவது மூன்றாவதில்தான். காது பொருந்துகிறது, கப்ளர் பொருந்துகிறது என்று வாங்கிவிடுவார்கள். அந்த ஜாரில் தண்டே இருக்காது. வீட்டில் வந்து பார்த்தால் மிக்சி ஓடாது. அப்புறம் வேறு வழியில்லாமல் பொத்தானில் டேப் ஒட்டுவார்கள். தண்டு இல்லாத ஜாரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

10. சோதனை ஓட்டம், இரண்டு பக்கமும்

சரிசெய்த பிறகு பெரும்பாலானவர்கள் ஓடுகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். ஓடக்கூடாதபோது ஓடாமல் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

காலி ஜாரை அடிப்பகுதியில் பூட்டி, மூடியை மேலே வைத்து மட்டும் விடுங்கள், திருப்ப வேண்டாம். பிளேடு மூடப்பட்டிருக்கும், ஆனால் லாக் விழுந்திருக்காது. பிளக்கைச் சொருகி, கையை ஜாரிலிருந்து எடுத்துவிட்டு, குமிழை 1-க்குத் திருப்புங்கள். ஓடக்கூடாது. ஓடினால் உடனே 0-வுக்குக் கொண்டுவந்து பிளக்கைப் பிடுங்குங்கள். தண்டு கீழே சிக்கியிருக்கிறது, அல்லது சுவிட்சின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அல்லது யாரோ முன்பே டைரக்ட் பண்ணியிருக்கிறார்கள். பழைய மிக்சியை வாங்கினாலும், பழுதுபார்த்து வந்தாலும் இந்தச் சோதனையைச் செய்யலாம்.

ஓடவில்லை என்றால் குமிழை 0-வுக்கு எடுத்து, ஜாரில் மூன்றில் ஒரு பங்கு சாதாரணத் தண்ணீர் ஊற்றி, மூடியைப் பூட்டி, 1-ல் சில நொடி ஓட்டுங்கள். கை மூடியின் மேல் இல்லாமலே ஓட வேண்டும். விட்டு விட்டு ஓடினால் தண்டு சுவிட்சை நுனியில்தான் தொடுகிறது, அதிர்வில் விலகுகிறது. மறுபடி 3-க்குப் போய் அளந்து பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் சூடான திரவத்தை உடனே ஊற்றி அரைக்க வேண்டாம். சூடான திரவம் சுழலும்போது ஆவி சட்டென்று கிளம்பி மூடியைத் தூக்கும். லாக் புதிதாக இருந்தாலும் இது நடக்கும். ஆறவிட்டு, ஜாரில் பாதிக்கு மேல் நிரப்பாமல், மூடியின் நடுவில் சின்ன மூடி இருந்தால் அதை லேசாகத் தளர்த்தி, குறைந்த வேகத்தில் தொடங்குங்கள்.